இரண்டு கையும் பொத்தானில்

ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் பொருத்தப் போன முதல் நாளே ஒருவரைத் திடுக்கிட வைத்துவிட்டேன். தகடு வெட்டும் பெரிய பிறெஸ் இயந்திரத்தின் முன்னால் நின்றவர் நம்மவர். பின்னால் நின்று "வணக்கம் அண்ணை" என்றேன். கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். அவர் துள்ளித் திரும்பினார். இயந்திரம் பாதியில் நின்றது.

அந்த இயந்திரம் இயங்க இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அச்சு இறங்கும்போது கை அதற்குள் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். ஆகவே அவரால் கும்பிடவும் முடியாது, கை காட்டவும் முடியாது.

இடைவேளையில் அவரே சொல்லித் தந்தார். "தம்பி, பின்னால வராதையும். மஞ்சள் கோட்டுக்கு வெளியில, நான் பாக்கிற பக்கமா வந்து நில்லும். உம்மைக் கண்டால் புருவத்தை உயர்த்துவன். அதுதான் வணக்கம். தகடு வெளியில வந்த பிறகு தலையாட்டுவன். அப்ப கிட்ட வாரும்."

தலையாட்டுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்து இயந்திரக்காரர் கட்டைவிரலை உயர்த்தி, "தொடங்கலாமா?" என்று கேட்டார். நான் நம் பழக்கத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர் அதை "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அங்கே ஆம் என்றால் தலை மேலும் கீழுமாகத்தான் போக வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடமே குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் ஏறக்குறைய 85 டெசிபல். ஒன்ராறியோவில் 8 மணி நேர வேலைக்கு அதுதான் எல்லை. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் 4 மணியாகக் குறையும். ஒரு வணக்கத்தைக் கேட்கக் காதடைப்பானைக் கழற்றினால், காதுதான் அதற்கு விலை கொடுக்கும்.

என் அப்பாவும் இப்படியான தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். வீட்டுக்கு வந்தால் எங்களைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். எங்களோடு கதைக்க அவருக்கு விருப்பமில்லை என்று சின்ன வயதில் கோபித்திருக்கிறேன். அதுதான் அவருடைய வணக்கம் என்று தெரிய எனக்கு முப்பது வயது தாண்டியது.

இப்போது அவர், "நீ கதைக்கிறது கேக்குது, விளங்கேல்லை" என்கிறார். இரைச்சல் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளைத்தான் கெடுக்கும். குரல் கேட்கும், ஆனால் ச, ட, க போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். போனது திரும்பாது.

கதவடியில் நின்று "அப்பா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். முன்னால் போய் நிற்கிறேன். அவர் கண் என்மேல் படும்வரை பொறுத்து, புருவத்தை உயர்த்துகிறேன். அவர் தலையாட்டிய பிறகுதான் கதைக்கத் தொடங்குகிறேன்.