சாவியும் இரண்டு தாள்களும்

அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுக் கோப்புகளைப் படித்துச் சொல்லும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். வாடகைப் பத்திரங்களோடு 'எத்தா தே லியே' என்று ஒரு தாள் இணைந்திருக்கும். இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டது. அந்தத் தாள் இல்லாவிட்டால், குடிவந்தவர் இடத்தை நல்ல நிலையிலேயே பெற்றுக்கொண்டார் என்றுதான் பிரெஞ்சுச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

என் தங்கை மகன் புதுச்சேரியில் கணக்கு எழுதித் தரும் சிறு அலுவலகம் வைத்தபோது இது நினைவுக்கு வந்தது. வாடகை 15,000, அட்வான்ஸ் 90,000. சாமான் இறக்கும் முன் அறை அறையாகப் பார்த்து எழுதினேன். மேற்குச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அதையும் எழுதி, போட்டோ எடுத்து, சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கினேன். "எதுக்கு மாமா இதெல்லாம்?" என்று சிரித்தான்.

நான்கு வருடம் கழித்துக் காலி செய்தான். சொந்தக்காரர் பெயிண்டுக்கு 30,000, உடைந்த வாஷ்பேசினுக்கு 5,000 பிடித்துக்கொள்வேன் என்றார். பையன் முகம் வாடிவிட்டது. புது இடத்துக்கு அட்வான்ஸ் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தான்.

அறைகள் காலியான பிறகு, பகல் வெளிச்சத்தில், பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு சுற்றி வந்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அன்றைய நிலையை எழுதினேன். மேற்குச் சுவரின் ஈரம் அன்றே இருந்தது. மற்றச் சுவர்களில் நிறம் மங்கியது நாளான தேய்மானம். நியாயமான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல என்று நம் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் வாஷ்பேசின் நாங்கள் உடைத்தது. அலமாரிக்காகச் சுவரில் போட்ட ஆறு துளைகளும் எங்களுடையவை. கேட்கும் முன்பே அவற்றை எழுதினேன்.

சாவியைக் கொடுத்து, தேதியோடு ரசீது வாங்கினோம். அது இல்லையென்றால் 'இன்னும் காலி செய்யவில்லை' என்று அடுத்த மாத வாடகையும் கேட்கலாம். கடைசி மின்கட்டண ரசீதையும் சேர்த்துக்கொண்டோம்.

பிறகு ஒரே பக்கத்தில் கடிதம். கட்டிய தொகை, சாவி கொடுத்த தேதி, நாங்கள் ஏற்கும் பழுது, மீதியை 15 நாளில் செலுத்த வங்கிக் கணக்கு எண். இரண்டு தாள்களின் நகலோடு, ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கோபமாக ஒரு சொல் இல்லை.

பத்தாம் நாள் அவரே போன் செய்தார். "உங்க பங்கை நீங்களே ஒத்துக்கிட்டீங்க சார், அப்புறம் நான் என்ன பேசுறது?" என்றார். பழுதுக்கு 4,000 போக 86,000 வந்தது.

புது இடத்துக்குச் சாமான் ஏற்றும் முன்பு பையனே கேட்டான்: "மாமா, அந்தத் தாளை எழுத எப்ப வர்றீங்க?"