பெண் குழந்தையின் காது குத்தல்: நாற்பதாம் நாளா, நான்காம் மாதமா?



பேத்தி பிறந்த வீட்டுப் பெரியவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, நாற்பதாம் நாளிலேயே காது குத்திவிடலாமா என்பது. ஏழாம் நாளில் அகீகா கொடுப்பதும் முடி களைவதும் சுன்னத் என்பதால், காது குத்தலுக்கும் மார்க்கத்தில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படி எந்த நாளும் இல்லை.

பெண்கள் காதணி அணிந்தது நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருந்த வழக்கம். பெருநாள் தொழுகைக்குப் பின் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் ஏவியபோது, பெண்கள் தம் காதணிகளைக் கழற்றி பிலால் (ரலி) அவர்களின் துணியில் இட்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். இதைக் கொண்டு அறிஞர்களில் பலர் பெண் குழந்தைக்குக் காது குத்துவதை அனுமதித்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, அலங்காரத்திற்காக உடலைக் காயப்படுத்துவது கூடாதென்று தடுத்தார்கள். அனுமதித்தவர்களும் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே அவசரப்பட இதில் ஒன்றுமில்லை. குழந்தையின் உடல் தாங்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நாற்பதாம் நாளில் அது தாங்கும் என்று சொல்வதற்கில்லை. ரண ஜன்னியைத் தடுக்கும் மருந்து, நம் நாட்டு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருக்கிறது. நாற்பதாம் நாளில் முதல் ஊசிகூடப் போட்டிருக்க மாட்டார்கள். மேலும், மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர்கள் அதை எளிதாக விடுவதில்லை. காரணம் தெரியும்வரை மருத்துவமனையில் வைத்துச் சோதிப்பார்கள். காதுப் புண்ணால் அந்த நிலையை நாமே வரவழைக்க வேண்டியதில்லை. எனவே மூன்றாம் ஊசி முடிந்து இரண்டொரு வாரம் கழிந்த பின், ஏறக்குறைய நான்கு மாதத்தில் குத்துவது நல்லது. பிள்ளை வளர்ந்து தானே பேணிக்கொள்ளும் வயதுவரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அதுவும் ஏற்கத்தக்கதே. குடும்பத்தில் யாருக்கேனும் தழும்பு தடித்து வளரும் இயல்பு இருந்தால் அதை முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குத்துபவர் ஆசாரியோ மருத்துவரோ, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காது மடலின் இருபுறமும் ஸ்பிரிட் தடவி உலரவிட்டு, உறை பிரிக்காத புதிய ஊசியால் குத்த வேண்டும். பலருக்கும் குத்திய கம்பியை நெருப்பில் காட்டி மீண்டும் பயன்படுத்துவதை ஏற்கக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தத்தின் வழியே பரவக்கூடியது. குத்துமிடம் கீழேயுள்ள மென்மையான சதையாக இருக்கட்டும். மேலேயுள்ள குருத்தெலும்பில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே சீழ் பிடித்தால் ஆறுவது கடினம், காதின் வடிவே மாறிவிடலாம். முதல் தோடு தங்கமாக இருப்பது நலம். மலிவான கவரிங் நகைகளில் நிக்கல் கலந்திருக்கும்; பலருக்கு அது அரிப்பும் நீர்க்கசிவும் தரும்.

நாம் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்வது பயன் தரும். அண்டை வீட்டில் ஐந்து மாதக் குழந்தைக்கு முறையாகத்தான் காது குத்தினார்கள். தோடு கழன்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் பாட்டியார் திருகாணியை இறுக்கிவிட்டார். குத்திய காது இரண்டொரு நாள் வீங்கும், அதற்கு இடமே இருக்கவில்லை. வலம்புரியாகத் தினமும் திருகிவிடச் சொல்லி யாரோ கொடுத்த யோசனை புண்ணை மேலும் கிளறியது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியதால் அழுக்கு ஒட்டியது. ஐந்தாம் நாள் முன்புறக் கல் தெரியவில்லை, சதை அதை மூடியிருந்தது. மடலை மரக்கச் செய்து மருத்துவர் அதை எடுத்தார்.

திருகாணிக்கும் மடலுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கழன்று விழும் அச்சத்திற்குத் தீர்வு, இறுக்குவதல்ல. தினமும் இருமுறை பார்ப்பது. அப்போதே கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் முன்னும் பின்னும் துடைத்து, ஒற்றியெடுத்து உலரவிடலாம். தோட்டைச் சுழற்ற வேண்டாம். ஆறு வாரம்வரை கழற்றவும் வேண்டாம். துளை அதற்குள் தூர்ந்துவிடும்.

முதலிரு நாள் இலேசான சிவப்பும், தெளிந்த நீர் உலர்ந்து படியும் பொருக்கும் இயல்பானவை. குறைய வேண்டிய சிவப்பு மூன்றாம் நாளுக்குப் பின் கூடினால், தொட்டால் சுட்டால், மஞ்சள் நிறச் சீழ் வந்தால், தோட்டின் முன்போ பின்போ சதைக்குள் அமிழ்ந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டிலேயே தோட்டைப் பிடுங்கிவிடக் கூடாது. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். எடுப்பதா விடுவதா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.