மூன்று வருடம் கழித்துத் தேவைப்படும் பணம்

மண்டூர்ப் பக்கமிருந்து பாதையில் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து களுவாஞ்சிக்குடியில் எமது பெண்கள் குழுக் கூட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். காணித்துண்டு ஒன்றை விற்று வந்த 5 இலட்சம் ரூபா அவரிடம் இருக்கிறது. எமது பகுதி வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. மூன்று வருடத்தில் கலியாணம் வைக்கலாம் என்று எண்ணம். கொழும்பில் வேலை செய்யும் தமக்கையின் மகன், “வங்கியில் போடாதீங்க சின்னம்மா, யூனிட் ட்ரஸ்டில் போடுங்க, கூடத் தருவாங்க” என்கிறாராம். எது சரி என்பதே அவரது கேள்வி.

நிலையான வைப்பில் வட்டிவீதம் முதல் நாளே எழுதப்படுகிறது. கணக்குக்காக 8 வீதம் என்று வைப்போம். வட்டியை மாதாமாதம் எடுத்தால் கையில் 3,333 ரூபா வரும். அது கடைக் கணக்கோடு கரைந்துவிடும், மூன்று வருட முடிவில் இருப்பது அதே 5 இலட்சம்தான். வட்டியை ஒவ்வொரு வருடமும் முதலோடு சேர்த்தால் 6,29,856 ரூபா ஆகும். எல்லா வங்கிகளும் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே “எத்தனை வீதம்?” என்று கேட்பதைவிட, “முடிவில் என் கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டு அந்தத் தொகையை எழுதி வாங்குவது நல்லது.

கடன் பத்திர வகை யூனிட் ட்ரஸ்ட் என்பது பலருடைய பணத்தைச் சேர்த்து, திறைசேரி உண்டியல், முறிகள், கம்பனிகளின் கடன் பத்திரங்கள் என்பவற்றை வாங்கும் நிதியம். இந்தியாவில் இதைக் கடன் பரஸ்பர நிதி என்பார்கள். சென்ற வருடம் கிடைத்ததைத்தான் அவர்கள் காட்டுவார்கள். வரும் வருடத்துக்கு வாக்குறுதி இல்லை. பத்திரங்களின் விலை ஏறி இறங்குவதே காரணம்.

இதை ஒரு கணக்கால் பார்ப்போம். வருடம் 10 ரூபா வட்டி தரும், மூன்று வருடம் மீதமுள்ள 100 ரூபா முறி ஒன்று நிதியத்திடம் இருக்கிறது. திடீரென நாட்டில் வட்டி 14 வீதமாகிறது. புதிய முறி 14 தரும்போது பழையதை யார் 100 கொடுத்து வாங்குவார்? அதன் விலை சுமார் 91 ரூபாவுக்கு இறங்கும். ஆனால் அந்தப் பத்திரம் மூன்று மாதத்தில் முடிவதாக இருந்தால், இறக்கம் சுமார் ஒரு ரூபாதான். இது வெறும் கற்பனையல்ல. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது.

ஆகவே நிதியத்திடம் முதலில் கேட்க வேண்டியது, “உங்களிடம் உள்ள பத்திரங்கள் சராசரியாக எவ்வளவு காலத்தில் முடியும்?” என்பதுதான். பணச்சந்தை நிதியம் என்பவை குறுகிய காலப் பத்திரங்களையே வைத்திருக்கும். அடுத்து, யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 23 அன்று பிராங்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் நிதிகளை மூடியது. அதிக வட்டிக்காக வாங்கிய கம்பனிப் பத்திரங்களை அவசரத்துக்கு விற்க முடியவில்லை. 2021 பெப்ரவரியிலிருந்து தவணை தவணையாகப் பணம் திரும்பி வந்தது உண்மை. ஆனால் கலியாண நாளும் மாரி மழையும் தவணைக்குக் காத்திருக்குமா?

வைப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. தி பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதத்தில் இரத்தானபோது, வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு 6 இலட்சம் வரையே கிடைத்தது. இப்போது அந்த எல்லை, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம். யூனிட் ட்ரஸ்டுக்கு இந்தக் காப்புறுதி கிடையாது.

வைப்பின் குறை வேறு. ஒரு வருடத்துக்குப் போட்டு மீண்டும் மீண்டும் புதுப்பித்தால், அன்றன்றைய வீதமே கிடைக்கும். 2022 இறுதியில் 20 வீதத்துக்கு மேல் வாங்கியவர்கள் 2024 நடுப்பகுதியில் 10 வீதத்துக்கும் குறைவாகவே பெற்றார்கள். மூன்று வருடத்துக்கே கட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் இடையில் முறித்தால் வட்டியைக் குறைத்துக் கணக்கிடுவார்கள்.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். கூரைக்கான 4 இலட்சத்தை ஒரு வங்கியில் மூன்று வருட நிலையான வைப்பாக, வட்டி முடிவில் வரும்படி போடுங்கள். மீதி ஒரு இலட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலோ பணச்சந்தை நிதியத்திலோ வையுங்கள். பிள்ளைக்கு வருத்தம் என்றால் அதிலிருந்து எடுக்கலாம், வைப்பை முறிக்க வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாக வங்கியிலேயே கழிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைக் கழிக்கமாட்டார்கள். வைப்புப் போடும் அன்றே அந்தப் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுக்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.