ஒரு ரூபாய் பத்துக் காசு



ஒவ்வொரு ரமலானிலும் ஸகாத் கணக்குப் பார்க்க அமரும்போது எங்கள் வீட்டில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு வெளியே வரும். கையிலுள்ள ரொக்கம், நகையின் எடை, வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் என எல்லாவற்றையும் அதில் எழுதுவோம். அரை கிராம் மோதிரம்கூட விடுபடாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் இரவில் அந்த நோட்டை மூடி வைத்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. மிஞ்சிய பொருளை இவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறோம். அந்தப் பொருளுக்காகக் கொடுத்த ஓராண்டு உழைப்பை என்றாவது எண்ணியிருக்கிறோமா?

அன்று முதல் ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் வேலைகளையும் கணக்குப் பார்க்கிறோம். எங்களில் கணவராக இருப்பவர் கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கர். மனைவியாக இருப்பவர் காளவாசலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தபடியே ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறார். பெரிய உத்தியோகம் எதுவும் இல்லை. அதனாலேயே இந்தக் கணக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது. பெரிய நிறுவனங்களில் ஆண்டுதோறும் மேலாளர் அழைத்துப் பேசுவார். கடையில் கணக்கு எழுதுபவரை அப்படி அழைத்துப் பேச யாரும் இல்லை.

முதல் ஆண்டு ரமலானிலேயே இதைச் செய்தது தவறாகிப் போனது. நோன்பும் தராவீஹும் ஸஹர் நேரத்து விழிப்புமாக இருக்கும் நாட்களில், 'வேலை உங்களைக் களைப்படையச் செய்கிறதா?' என்று கேட்டால் கிடைக்கும் விடை வேலையைப் பற்றியதாக இருக்காது. மேலும் பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. கடைக் கணக்கோ மார்ச்சில் முடிகிறது. ரமலானும் மார்ச்சை ஒட்டி வந்துவிட்டால் இரண்டு சுமையும் ஒன்றாகச் சேரும். எனவே ஸகாத்தைப் பிறைக் கணக்கிலேயே விட்டுவிட்டு, வேலைக் கணக்கை மட்டும் பிப்ரவரியின் முதல் வாரத்துக்கு மாற்றிக்கொண்டோம். ஏப்ரலில் சம்பளம் பேசுவதற்கு இரண்டு மாதம் முன்பாகவே நிலவரம் தெரிந்துவிடுகிறது.

கேள்விகள் நான்குதான்: என்ன கற்றோம், உடலும் மனமும் எப்படி இருந்தன, உண்மையில் என்ன சம்பாதித்தோம், இந்தப் பாதை எங்கே கொண்டுபோகிறது. கேள்விகளை எவரும் எழுதிவிடலாம். விடையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதே கடினம். இவ்வாண்டு நடந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

பணத்திலிருந்து தொடங்குகிறோம். சென்ற ஆண்டு கணவரின் சம்பளம் 22,500 ரூபாய், இவ்வாண்டு 24,000. வீட்டுச் செலவு நோட்டைப் பார்த்தோம். அரிசி, பால், எரிவாயு, பள்ளிக் கட்டணம், மாமியின் மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 19,500 ஆக இருந்தது 20,700 ஆகியிருந்தது. விலைவாசி உயர்வு பற்றிப் பத்திரிகையில் வரும் புள்ளிவிவரத்தைவிட இந்த நோட்டையே நாங்கள் நம்புகிறோம். நாங்கள் வாங்காத பொருளின் விலை அதில் இல்லை. செலவு நூற்றுக்கு ஆறு உயர்ந்திருக்கிறது, சம்பளம் நூற்றுக்கு ஆறரைக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், சரிக்குச் சரி என்றுதான் முதலில் நினைத்தோம்.

"மச்சான், மணியையும் போட்டுப் பாருங்க" என்றார் மனைவி.

சென்ற ஆண்டு கடையில் ஒன்பது மணி நேரம். காளவாசலில் பேருந்துக்குக் காத்திருந்து, பெரியார் நிலையத்தில் இறங்கி நடந்து, அவ்வாறே திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 273 மணி. சம்பளத்தில் பேருந்துக்கும் தேநீருக்கும் வெளியே சாப்பிட்டதற்கும் 1,800 போக மீதி 20,700. ஒரு மணிக்கு 75 ரூபாய் 80 காசு. இவ்வாண்டு கடை நேரம் ஒன்பதரை மணி ஆகியிருந்தது. மாதம் 286 மணி. வழிச்செலவு 2,000 போக 22,000. ஒரு மணிக்கு 76 ரூபாய் 90 காசு. அதாவது, 1,500 ரூபாய் உயர்வு என்று நாங்கள் மகிழ்ந்தது மணிக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. வீட்டுச் செலவுக்கு ஈடாக உயர்ந்திருந்தால் எண்பது ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும்.

அந்த அரை மணி எப்போது நுழைந்தது என்பதை யோசித்துத்தான் கண்டுபிடித்தோம். தீபாவளிக்குப் பின் உடன் வேலை பார்த்த ஒருவர் விலகினார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. வேலை மட்டும் மற்றவர்களுக்குப் பகிரப்பட்டது. யாரும் கட்டளையிடவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா என்றறிய ஓர் எளிய வழி உண்டு. சென்ற ஆண்டு எந்தத் தொழுகையை வீட்டருகே ஜமாஅத்தோடு தொழ முடிந்தது, இவ்வாண்டு முடிகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு இஷா தவறத் தொடங்கியிருந்தது. பேருந்து நெரிசலே காரணம் என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தோம்.

மனைவியின் கணக்கு இன்னும் சங்கடமானது. ஒரு ரவிக்கைக்கு 700 ரூபாய் வாங்கினார். நூல், மணி, ஜரிகை 180 போக 520. வேலை நேரத்தை முதன்முறையாகக் குறித்து வைத்தபோது பதினான்கு மணி வந்தது. மணிக்கு 37 ரூபாய். தெரிந்தவர்களிடம் எப்படி விலையை ஏற்றுவது என்ற கூச்சமே இத்தனை நாள் விலையை நிர்ணயித்திருக்கிறது. இப்போது அதே வேலைக்கு 1,100 கேட்கிறார். மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், மற்றவர்கள் இருக்கிறார்கள்.

உடல், மனம் பற்றிய கேள்விக்கு நினைவை நம்பக் கூடாது என்பதை முன்பே கற்றிருந்தோம். கடைசி வாரம் எப்படியிருந்ததோ அப்படியே ஆண்டு முழுவதும் இருந்ததாகத் தோன்றும். ஆகவே ஜனவரியில் 28 நாள், உறங்கும் முன் நாட்காட்டியில் ஒரே ஒரு சொல் எழுதினோம்: 'மிச்சம்', 'சரி', 'தீர்ந்தது'. மூன்றில் ஒன்று. கணவருக்குத் தெரியாமல் மனைவியும் அவரைப் பற்றித் தனியாக ஒரு சொல் எழுதி வந்தார். இறுதியில் இரண்டையும் ஒப்பிட்டோம். கணவர் 'சரி' என்று எழுதிய ஐந்து நாட்களில் மனைவி 'தீர்ந்தது' என்று எழுதியிருந்தார். அந்த நாட்களில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தது எழுதியவருக்கே நினைவில்லை.

வேலை அதிகமான நாட்களே 'தீர்ந்தது' நாட்களாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அப்படி இல்லை. ஜி.எஸ்.டி. கணக்கில் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி அறிக்கை வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் கணக்கில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். நம் கொள்முதல் பில்களை அதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அந்த மாதம் இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கான ஒரு பில்லை விற்றவர் காட்டாமல் விட்டிருந்தார். ஐந்து விழுக்காடு வரி, பத்தாயிரம் ரூபாய். அது அறிக்கையில் இல்லையென்றால் கடை அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும். அதைக் கண்டுபிடித்து, அவரிடம் பேசிச் சேர்க்க வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வீடு வந்த நாளில் இருவருமே 'மிச்சம்' என்று எழுதியிருந்தோம். மாறாக, 'தீர்ந்தது' என்றிருந்த பெரும்பாலான நாட்கள் பாக்கி வசூலுக்காகச் சிறு கடைக்காரர்களுக்குத் தொலைபேசியில் பேசிய நாட்கள். அது மொத்தத்தில் இரண்டு மணி நேர வேலைதான்.

கற்றல் பற்றிய கேள்வி எங்களைச் சற்று வெட்கப்படவே வைத்தது. கணவர் முதலில் எழுதிய பட்டியல் நீளமாக இருந்தது. எக்செல், மின்-விலைப்பட்டியல், வருமான வரி. மனைவி கேட்டார்: "போன வருஷம் யாரையாவது கேட்டுச் செஞ்சு, இந்த வருஷம் யாரையும் கேட்காம செஞ்சது எது?" பட்டியல் ஒரு வரியாகச் சுருங்கியது. 2பி ஒப்பீடு மட்டும்தான். மற்றவை காணொளியில் பார்த்தவை. பார்த்ததைக் கற்றதாக எழுதிக்கொள்வது எளிது.

திசை பற்றிய கேள்வியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. டிசம்பரில் நகைக்கடன் தரும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. சம்பளம் 28,000, நடந்தே போய்விடும் தூரம். மணிக்கணக்கில் போட்டால் நூற்றிருபதை நெருங்கும். வட்டி வாங்குபவரோடும் கொடுப்பவரோடும் அதை எழுதுபவரையும் சேர்த்தே கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த வேலையோ வட்டியை எழுதும் வேலை. மறுத்துவிட்டோம். மாமியின் கண் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருந்த நேரம் அது. சுலபமான மறுப்பு அல்ல.

வாக்குவாதம் அதைப் பற்றியதன்று. "அதை விட்டது சரி. ஆனா அதை விட்டதையே காரணமாச் சொல்லி, இருக்கிற இடத்துலேயே உட்கார்ந்துடக் கூடாது" என்றார் மனைவி. கணவருக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம். இரண்டு மாதமாக, ஹலாலுக்காகப் பெரிய சம்பளத்தை விட்டவன் என்ற நிறைவில், வேறு எதையும் தேடாமல் இருந்துவிட்டார்.

அதே கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கும் மூத்த கணக்கரிடம் மறுநாள் மனம்விட்டுப் பேசினார். இதே பாதையில் பத்தாண்டுகள் கழித்து இருக்கப்போகும் இடம் அவருடையதுதான். அவரது சம்பளம் 31,000. கடை முதலாளி நல்லவர் என்றும், ஆனால் கடையின் இலாபம் தாங்குவதற்கு மேல் எவராலும் தர முடியாது என்றும் அவர் சொன்னார். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த வேலைக்கு அங்கே அவ்வளவுதான் விலை.

ஆகவே இவ்வாண்டு மூன்று காரியங்களை முடிவு செய்தோம். வணிகவியல் பட்டதாரிகள் ஜி.எஸ்.டி. பயிற்சியாளராகப் பதிவு செய்துகொள்ளலாம்; பதிவு கிடைத்தால், கணக்கர் வைக்க வசதியில்லாத சிறு வணிகர்களின் கணக்குகளைத் தாமே தாக்கல் செய்யலாம். கணவர் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் படிக்கிறார். ஏப்ரலில் முதலாளியிடம் சம்பளத்தைவிட அந்த அரை மணியைத் திருப்பிக் கேட்பது என்றும், வசூல் அழைப்புகளை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி கேட்பது என்றும் எண்ணியிருக்கிறோம். வசூலுக்கென்று தனியாகக் கிடைக்கும் எண்ணூறு ரூபாய் அதனால் போகும். மனைவியின் புதிய விலையில் அதை ஈடுகட்ட முடியுமா என்பது இன்னும் தெரியவில்லை. முகூர்த்த மாதங்களில் முடியும், ஆடியில் முடியாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 76.90 என்று எழுதி, அதன் எதிரே இடம் விட்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த பிப்ரவரியில் நிரப்ப வேண்டும்.