ஏட்டில் இருப்பது மாவா, மரமா?

தை மாதக் கடைசி. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் வழியெல்லாம் சம்பா அறுவடை முடிந்த வயல்கள், தார்ச்சாலை ஓரத்தில் வைக்கோல். நான் போனது ஓலைச்சுவடி பெயர்த்தெழுதும் ஓர் அம்மாவின் வீட்டுக்கு. முப்பது ஆண்டுகளாக ஏடு படிப்பவர். அன்று அவர் முன்னால் இருந்தது ஒரு மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்தியச் சுவடி.

ஏட்டைத் துடைத்து, விளக்குக்கரி தடவி, மீண்டும் துடைத்தார். அதுவரை கீறலாக இருந்தவை கறுத்து எழுத்துகளாயின. எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவில் வேறுபாடில்லை; ஒகர ஓகாரமும் அப்படியே. ‘கெடு’, ‘கேடு’ இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும். ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு.

“புள்ளி வைக்கிறதத் திருத்தம்னு சொல்லாதீங்க தம்பி, அது படிக்கிறதுல சேர்ந்தது. எழுதுனவர் மனசுல அந்தப் புள்ளி இருந்துச்சு” என்றார்.

ஆனால் படிப்பதே சில இடங்களில் தீர்ப்புச் சொல்வதாகிவிடுகிறது. கன்றின் கழிச்சலுக்கான மருந்தில் ‘மாபபடடை’ என்று ஒரு சரக்கு. ‘மாப்பட்டை’ என்றும் படிக்கலாம், ‘மரப்பட்டை’ என்றும் படிக்கலாம். உடன் வேலை பார்க்கும் இளைஞர் தாளில் ‘மரப்பட்டை’ என்று எழுதியிருந்தார். அந்த அம்மா அடுத்த சரக்கின் மேல் விரலை வைத்தார்: மாதுளந்தோல். கழிச்சலைக் கட்டும் துவர்ப்புச் சரக்கு அது. மாம்பட்டையும் துவர்ப்புதான். எந்த மரம் என்று சொல்லாமல் வெறும் மரப்பட்டை என்று வைத்தியர் எவரும் எழுதமாட்டார். அத்தோடு அவர் விடவில்லை. அதே வாகடத்தின் இன்னொரு படியை எடுத்துப் பார்த்தார். அதில் ‘மாவின் பட்டை’ என்று ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அதன்பிறகுதான் தாளில் ‘மாப்பட்டை’ ஏறியது.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில், 1887இல், சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைச் சேர்த்ததும் இப்படி ஒத்துப்பார்க்கத்தான். ஒரே ஒரு படியை வைத்துக்கொண்டிருப்பவருக்குத் தன் ஊகத்தைச் சோதிக்க வழியில்லை.

அதே தாளில் அந்த இளைஞர் செய்த வேறொரு மாற்றத்தை அந்த அம்மா ஏற்கவில்லை. ஏட்டில் இருந்தது ‘அரச்சுக் குடுக்கத் தீரும்’. இளைஞர் அதை ‘அரைத்துக் கொடுத்தால் தீரும்’ என்று சீராக்கியிருந்தார். எனக்கும் முதலில் அதுவே சரியெனப் பட்டது.

“இதுல பிழை எங்க இருக்கு?” என்று கேட்டார். ‘உண்ணத் தீரும்’, ‘கொடுக்கத் தீரும்’ என்பது வைத்திய நூல்களின் வழக்கு. ‘அரச்சு’, ‘குடுக்க’ என்பவை எழுதியவரின் பேச்சு. இரண்டையும் படிப்பவருக்குப் பொருள் தடுமாறவில்லை. மாற்றினால் எழுதியவர் மறைந்துபோவார், மாற்றியவரின் பள்ளிக்கூடத் தமிழ்தான் மிஞ்சும். நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததும் இதுதான். என் கண்ணை உறுத்துவதெல்லாம் பிழை என்று எண்ணியே இத்தனை நாள் பிறர் எழுத்தைத் திருத்தி வந்திருக்கிறேன்.

‘வாளப்பளம்’ என்று இன்னோரிடத்தில் இருந்தது. ஏடு முழுக்க ழகரம் வரவேண்டிய இடமெல்லாம் ளகரம். அது கைதவறியது அல்ல, எழுதியவர் உச்சரித்த விதம். அந்த அம்மா அதையும் அப்படியே விட்டு, இந்தப் பழக்கத்தை முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிடுவார். ஒரே இடத்தில் மட்டும் மாறியிருந்தால் கைப்பிழை என்று கொண்டு, திருத்தி, ஏட்டில் இருந்த வடிவத்தை அடிக்குறிப்பில் தருவாராம்.

மிளகின் அளவில்தான் நெடுநேரம் நின்றார். ஏட்டில் ‘பலம் ௫’. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். ஐந்து பலம் மிளகு ஒரு கன்றுக்கு மிக அதிகம் என்று அவருக்கே தோன்றியது. மற்ற படியில் ‘பலம்’ என்ற சொல் இல்லை, வெறும் ஐந்துதான். ஐந்து மிளகு என்று கொள்ளலாம். எது சரியென்று ஊகிக்க முடிந்தாலும் மூலத்தில் அவர் கை வைக்கவில்லை. மேலே ஏட்டில் உள்ளது, கீழே மற்ற படியின் பாடம், பக்கத்தில் அளவு ஐயத்துக்குரியது என்ற எச்சரிக்கை.

“நான் வைத்தியச்சி இல்ல தம்பி. சொல்லாம மாத்திட்டா, நாளைக்கு வைத்தியம் தெரிஞ்சவங்க வந்து பாக்கும்போது அவங்களுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது.”

கடைசி வரியில் பூச்சி அரித்த ஓர் ஓட்டை. ‘மோரில்’ என்ற சொல்லும் ‘போட்டு’ என்ற சொல்லும் தெரிந்தன. இடையில் மூன்றெழுத்து அளவுக்கு இடம்.

“உப்பு” என்றேன். இளைஞரும் அதையே சொன்னார்.

“எனக்கும் அப்பிடித்தான் தோணுது” என்றவர், தாளில் மூன்று புள்ளிகள் வைத்தார். பிறகு ஏட்டைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குக் கரி தடவத் தொடங்கினார்.