மூன்று வயதுக்கு எந்தப் பள்ளி?

என் பேரனுக்கு மூன்று வயது பூர்த்தியானதிலிருந்து, அவனைத் தெருக்கோடியிலுள்ள வழக்கமான பாலர் பள்ளியில் சேர்ப்பதா, சற்றுத் தொலைவிலுள்ள மாண்டிசோரிப் பள்ளியில் சேர்ப்பதா என்று மகனும் மருமகளும் ஓயாமல் விவாதித்து, கடைசியில் மத்தியஸ்தம் செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மாண்டிசோரி முறை ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்பது மகனின் எண்ணம். 1907இல் ரோமாபுரியில், சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி என்ற அந்த வைத்தியப் பெண்மணி, 1939இல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததையும், யுத்தத்தில் இத்தாலி எதிர்த்தரப்பில் சேர்ந்துவிட்டபடியால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே, கொடைக்கானலிலும் சில காலம், தங்க நேர்ந்ததையும் அவனுக்கு நினைவூட்டினேன்.

சரித்திரம் தீர்ப்புச் சொல்லாதல்லவா? ஆகவே அனுமதி பெற்று அந்தப் பள்ளியில் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, அலமாரியிலிருந்து நீண்ட மரக்கட்டை ஒன்றை இரு கைகளாலும் ஏந்திவந்து பாய்மீது வைத்தது. அதில் பத்துக் குழிகள். அவற்றில் உயரம் மாறாமல் பருமன் மட்டும் படிப்படியாகக் குறைந்துவரும் பத்து மர உருளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு குமிழ். குழந்தை அவற்றை எடுத்துக் கலைத்துவிட்டு மறுபடி பொருத்தத் தொடங்கியது. மெல்லிய உருளையைப் பெரிய குழியில் போட்டால் அது தடையின்றி இறங்கிவிடுகிறது. தவறு அப்போது தெரிவதில்லை. இறுதியில் கையில் ஒரு தடித்த உருளையும் எதிரே ஒரு சின்னக் குழியும் மிஞ்சும்போதுதான் எங்கோ பிசகிவிட்டது என்று புலப்படுகிறது. அக்குழந்தை சிறிது நேரம் விழித்துப் பார்த்தது. பிறகு தானே சிலவற்றைப் பிடுங்கி மாற்றி வைத்தது. பக்கத்திலிருந்த உபாத்தியாயினி வாய் திறக்கவேயில்லை. பிழையைச் சுட்டும் வேலையை அந்த மரக்கட்டையே செய்துவிடுகிறபடியால், பெரியவர்களின் முகம் பார்த்துத் திருத்திக்கொள்ளும் நிர்ப்பந்தம் குழந்தைக்கு இல்லை. அதோடு, குமிழை மூன்று விரல்களால் பற்றிப் பழகுவது பின்னால் பென்சில் பிடிப்பதற்கான பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் மாண்டிசோரி என்னும் பெயர் எவருக்கும் தனிச்சொத்தன்று. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். இதற்கு முன் நான் பார்த்த வேறொரு பள்ளியில் இதே உபகரணங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன; வாரத்தில் ஓரிரு வேளை வெளியே எடுத்து, எல்லாக் குழந்தைகளுக்கும் ஏககாலத்தில் காட்டிவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்களாம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் ஓரறையில் கலந்திருக்கிறார்களா, ஒவ்வொரு உபகரணமும் ஒன்றே ஒன்றாக இருந்து குழந்தைகள் முறைக்குக் காத்திருக்கிறார்களா, மணியடித்துக் கலைக்காமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் விட்டுவைக்கிறார்களா என்று பார்த்தாலே அசலும் போலியும் விளங்கிவிடும்.

வழக்கமான பாலர் பள்ளியை இகழ்வது என் நோக்கமன்று. கூட்டமாகப் பாடுவது, கதை கேட்பது, ஒருவன் ராஜாவும் மற்றொருவன் குதிரையுமாக ஆடுவது ஆகியவற்றுக்கு அங்கே இடம் அதிகம்; மாண்டிசோரி அறையிலோ உருளைகளை ரயிலாக்கி ஓட்டினால் மெல்லத் தடுத்து, அவற்றுக்குரிய உபயோகத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். இது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. ஆயினும், விரல் தசைகள் உறுதிப்படாத மூன்று வயதில், நோட்டுப் புத்தகத்தில் வரி வரியாக எழுத வைத்து, வீட்டுப்பாடமும் கொடுத்தனுப்பும் பாலர் பள்ளிகளை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றோரே அதை விரும்பிக் கேட்கிறார்கள் என்று அவர்கள் சொல்லும் சமாதானத்தில் உண்மையும் உண்டு.

இன்னொரு விஷயம். மாண்டிசோரியின் மூன்றாண்டுகள் ஒரே தொடர்ச்சி. மூன்று வயதில் பார்த்துக் கற்றவன், ஐந்து வயதில் சிறியவனுக்குக் காட்டிக்கொடுக்கும்போதுதான் அது நிறைவெய்துகிறது. பெரிய பள்ளியில் இடம் கிடைக்காமற்போகுமோ என்ற பயத்தில் யூ.கே.ஜி.க்கே குழந்தையை மாற்றிவிடுவதாக இருந்தால், செலவழித்த பணத்தின் பயன் பாதியில் நின்றுவிடும். மகனிடம் நான் கேட்டதும் இதையேதான்: மூன்று வருஷமும் அங்கேயே விட்டுவைக்கச் சம்மதமா? சம்மதம் என்றான். பேரனை மருமகள் சொன்ன பள்ளியிலேயே சேர்த்திருக்கிறோம்.

அப்படிச் சம்மதிக்க முடியாதவர்கள், எழுத்து வேலையைத் திணிக்காத, விளையாட இடமுள்ள, பக்கத்துப் பாலர் பள்ளியைத் தயங்காமல் தேர்ந்துகொள்ளலாம். எதுவாயினும், பணம் கட்டுவதற்குமுன் வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள்; மறுக்கும் பள்ளியை விட்டுவிடுங்கள்.