ஆற்றிலே போட்டாலும்...

1996ஆம் ஆண்டு இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது, அந்நகரம் ஒரு பகுதியாகப் பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்தது. பத்திரிகைக்குச் செய்தி சேகரிப்பதற்காக அவ்வழியாற் சென்ற நாட்கள் நினைவில் இருக்கின்றன. நேற்றுவரை கிராமமாக இருந்த இடத்திலே கிடுகுக் கொட்டில்களில் வரிசையாகக் கடைகள் முளைத்திருந்தன. பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரக் கட்டி ஒன்றைப் பாதியாக வெட்டி விற்ற முதியவர் ஒருவர், விற்ற ஒவ்வொரு துண்டையும் பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். "எழுதாவிட்டால் என்ன?" என்று கேட்டேன். "தம்பி, எழுதாத கடை அடுத்த மாதம் இராது" என்றார்.

அந்த வார்த்தையின் பொருள் எனக்கு விளங்குவதற்கு ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் எடுத்தன.

2022இன் இறுதியில், ரொறன்ரோவில் இருந்தபடியே, ஸ்கந்தபுரத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு முதலிட்டேன். நடத்துபவன் என் சித்தியின் மகன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். 2008இல் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீள்குடியேறி, கிடைத்த வேலையெல்லாம் செய்தவன். அவனுடைய நேர்மையில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. ஆகையால் எழுத்தில் எதுவும் வைக்கவில்லை. ஆண்டு முடிவில் இலாபத்தில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு என்று தொலைபேசியிற் பேசிக்கொண்டதுதான் எங்கள் உடன்படிக்கை.

முதலில், சட்டத்தின் கண்ணில் அந்தக் கடை யாருடையது என்று பார்ப்போம். வன்னியின் குடியேற்றக் கிராமங்களிற் பெரும்பாலான காணிகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலரின் அனுமதியின்றி அவற்றை விற்கவோ கைமாற்றவோ இயலாது. கடை நிற்கும் நிலம் சித்தியின் பெயரில் உள்ள அத்தகைய காணி. வியாபாரப் பெயர்ப் பதிவும் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரமும் தம்பியின் பெயரில். நானோ கனடியக் குடியுரிமை பெற்றவன். ஆக, "என் கடை" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாலும், கட்டடமோ பெயரோ என்னுடையதல்ல. தட்டில் இருக்கும் சரக்கிலே எனக்கு ஒரு பங்கு உண்டு என்பதற்குக்கூடச் சான்று கிடையாது. நாளை அவனுக்கு ஏதாவது நேர்ந்தால், அவன் மனைவிக்கும் எனக்கும் இடையில் நிற்கக்கூடியது ஒரு தொலைபேசி உரையாடலின் நினைவு மாத்திரமே.

இதனைப் பின்னர் திருத்திக்கொண்டோம். நான் இட்ட முதலை அவனுக்குத் தந்த கடனாக நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் எழுதினோம். எவ்வளவு, எப்போது, எந்த வங்கி வழியாக அனுப்பியது, கடை மூடப்பட்டால் சரக்கை விற்று யாருக்கு முதலில் கொடுப்பது என்பனவெல்லாம் அதில் உள்ளன. அவனுடைய மனைவியும் சாட்சியாகக் கையொப்பமிட்டாள். அந்தக் கையொப்பமே அப்பத்திரத்தில் மிக முக்கியமானது என்பது என் எண்ணம்.

இனி, சிக்கலுக்கு வருகிறேன். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தது. பணம் வைப்பிடப்படும்போதெல்லாம் எனக்குக் குறுஞ்செய்தி வரும்படி செய்திருந்தேன். 2023 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் அந்தக் கணக்கில் கூடியது வெறும் 36,000 ரூபா. தொலைபேசியிற் கேட்டால், "கடை நல்லாத்தான் போகுது அண்ணை" என்றான். நல்லாய்ப் போகும் கடையின் பணம் எங்கே போகிறது? நண்பர் ஒருவர் கண்காணிப்புக் கமரா பூட்டும்படி சொன்னார். அதைத் தம்பியிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனம். பிறகு, "என்னில நம்பிக்கை இல்லையோ அண்ணை?" என்றான்.

கமரா பூட்டவில்லை. பூட்டியிருந்தாலும் பயன் இராது. லாச்சியில் கை போவதைக் கமரா காட்டும். அது எதற்காகப் போகிறது என்பதைக் காட்டாது. கடையைப் பற்றிய உண்மையைச் சொல்வது சரக்கிருப்புக் கணக்கெடுப்பு ஒன்றுதான். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் முகாமையாளராக இருந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். திடீரென்று வந்து ஒவ்வொரு மூட்டையையும் எண்ணுவார்கள். குறைந்தால் முகாமையாளர் பதில் சொல்ல வேண்டும். அப்படி வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரை, எங்கள் உறவினர் அல்லாதவரை, ஒருநாட் கூலிக்குப் பிடித்தேன். செப்டெம்பர் முடிவிலே தம்பி எடுத்த பட்டியல் ஒன்று கைவசம் இருந்தது. டிசம்பர் 31 இரவு, கடை பூட்டியபின், பெரியவரும் தம்பியும் சேர்ந்து எண்ணினார்கள்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியது, சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது. விற்கும் விலையில் மதிப்பிட்டால் இன்னும் வராத இலாபம் வந்ததாகத் தோன்றும். 2022இல், டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்ற சில மாதங்களில், பல சிறு கடைகள் இப்படித்தான் ஏமாந்தன. பழைய விலைக்கு வாங்கிய சீனியைப் புதிய விலைக்கு விற்று இலாபமென்று மகிழ்ந்தவர்கள், அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்தபின், அதே அளவு மூட்டைகளைத் திரும்ப வாங்க இயலாமல் நின்றார்கள். ஆகவே எங்கள் பட்டியலில் ரூபாவுக்கு அருகே மூட்டைகளின் எண்ணிக்கையும் இருக்கிறது.

கணக்கு இதுதான். தொடக்கத்தில் இருந்த சரக்கு 6 இலட்சம். மூன்று மாதங்களில் வாங்கியது, பற்றுச்சீட்டுகளின்படி, 21 இலட்சம். முடிவில் எஞ்சியது 5 இலட்சம். ஆகவே கடையை விட்டு வெளியேறிய சரக்கு, வாங்கிய விலையில், 22 இலட்சம். சீனி, மா, அரிசியில் இலாபம் குறைவு. சவர்க்காரம், பிஸ்கற்றில் சற்று அதிகம். எல்லாம் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டு என்று கொண்டால், விற்பனை 24 இலட்சத்து 64 ஆயிரமாக இருந்திருக்க வேண்டும். நாளாந்தக் கொப்பியில் காசாக வந்தது 21 இலட்சத்து 90 ஆயிரம். வித்தியாசம் 2 இலட்சத்து 74 ஆயிரம்.

அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சித்தியின் முகம் நினைவில் வந்தது. எப்படிக் கேட்பது?

மறுநாள் பெரியவர் கடன் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த மூன்று மாதங்களில் மட்டும் கடன் 1 இலட்சத்து 90 ஆயிரத்தால் ஏறியிருந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்போக விதைப்பின் காலம். உழவுக்கும் பசளைக்கும் கையிலிருந்த காசெல்லாம் வயலுக்குள் இறங்கிவிடும். மாசி, பங்குனியில் நெல் வெட்டி விற்கும்வரை வீட்டுச் சாமான்கள் கடனுக்குத்தான். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால், அறுவடைக்குப் பின் அவர்கள் காசோடு வேறு கடைக்குப் போவார்கள். வங்கியில் பணம் ஏறாமைக்கு இதுவே முதற்காரணம். பணம் களவு போகவில்லை. அயலவர்களின் வயல்களில் நின்றது.

மிகுதி 84,000 ரூபா. அதைப் பற்றித் தம்பியிடம் நேராகவே கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "வீட்டுக்குச் சாமான் கடையிலதானே அண்ணை எடுக்கிறது. மாதம் ஒரு இருபதாயிரம் வரும்." மூன்று மாதத்துக்கு 60,000. எஞ்சிய 24,000 எலி, கிழிந்த மூட்டை, காலாவதியான பால்மா, நிறுவையில் சிந்தியது ஆகியவற்றுக்கானது. விற்பனையில் நூற்றுக்கு ஒன்று இப்படிக் கழிவது பெரிய அளவல்ல என்று பெரியவரும் சொன்னார்.

அப்போதுதான் நான் போடாத கணக்கொன்று தெரிந்தது. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுபவனுக்கு நான் சம்பளம் என்று ஒரு சதமும் வைக்கவில்லை. இலாபத்தில் பாதி ஆண்டு முடிவில். அந்த இலாபமும் கடன் கொப்பிக்குள். அவன் வீட்டார் எதைச் சாப்பிடுவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன்? அவன் எடுத்தது களவல்ல, எழுதாத சம்பளம். எழுதாதபடியால் எனக்கு அது களவுபோலத் தோன்றியது. இன்னும் சில ஆண்டுகள் போயிருந்தால் அவனுக்கே எது தன்னுடையது, எது கடையுடையது என்ற எல்லை மறைந்திருக்கும். உறவுகள் கெடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

2024 தொடக்கத்தில் ஒழுங்குகளை மாற்றினோம். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவனுக்கு மாதச் சம்பளம் 40,000 ரூபா. வீட்டுக்கு எடுக்கும் சாமான்களுக்குக் கடன் கொப்பியில் அவன் பெயரிலேயே ஒரு பக்கம். மாத முடிவில் சம்பளத்திற் கழியும். கடன் வாங்குபவர் தம் பக்கத்தில் தாமே கையொப்பமிட வேண்டும்; மொத்தக் கடன் சரக்கின் காற்பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால், "அண்ணை விடமாட்டார்" என்று அவன் என் தலையிற் பழியைப் போடலாம். ஊருக்குள் இருந்து மறுக்க இயலாதவனுக்குத் தூரத்தில் இருக்கும் கெட்டவன் ஒருவன் தேவை. வெளிநாட்டு முதலாளியால் ஆகக்கூடிய உருப்படியான உதவி அதுவே.

நாளாந்தக் கொப்பியின் படம் ஒவ்வோர் இரவும் வருகிறது. அதில் நான் தேடுவது தொகையை அல்ல. 18,340, 21,765 என்று எண்கள் ஒழுங்கற்று இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். 20,000, 18,000 என்று முழு எண்களாக வரத் தொடங்கினால், அன்றன்று எழுதாமல் வார இறுதியில் நினைவிலிருந்து எழுதுகிறான் என்று பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரியவர் எண்ணுகிறார். ஒருமுறை காணும் வித்தியாசம் எதையும் நிறுவாது. பருவங்கள் மாறியும் அது வளர்ந்துகொண்டே போனால்தான் கேள்வி எழ வேண்டும். அந்த 1 இலட்சத்து 90 ஆயிரத்தில், சித்திரை முடிவதற்குள் ஒன்றரை இலட்சம் திரும்பியது. மிகுதியில் ஒரு பகுதி ஊரைவிட்டுப் போன குடும்பம் ஒன்றினுடையது. அது வராது.

எல்லாம் கழித்து இப்போது மாதம் ஏறத்தாழ 22,000 ரூபா மிஞ்சுகிறது. கனடிய டொலரில் நூறு அளவில். அதிற் பாதிதான் எனக்கு. கடையால் நான் செல்வந்தனாகப் போவதில்லை என்று மனைவி சொல்லிச் சிரிக்கிறாள். உண்மைதான். ஆனால் அங்கே ஒரு குடும்பம் சம்பளம் வாங்குகிறது, பிச்சை வாங்கவில்லை. இங்கே நான் இரவில் உறங்குகிறேன்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். அளப்பது ஆற்றின்மேல் உள்ள ஐயத்தால் அல்ல. சென்ற வாரம் தொலைபேசியில் தம்பி சொன்னான்: "அண்ணை, இந்த முறை பெரியவர் எண்ணேக்கை எனக்குப் பயம் வரேல்லை." முன்பு பயந்திருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.